திருகாணி: ஒரு மாற்று ஆட்டக்காரியின் கதை, மூன்று வரைவுகளில்

இங்கே பிரித்துப் பார்க்கப்படுவது ஒரு சிறுகதை. உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்துப் பெண்கள் கபடி அணி. தை மாதத்தில் தொடங்கி வைகாசி வரை, ஊர் ஊராக மின்னொளியில் ஏழு ஆட்டம். பன்னிரண்டு பேர் பட்டியலில் கடைசிப் பெயர் ஒச்சம்மா. ஆறு ஆட்டம் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், ஏழாவதில் களத்துக்குள் போகிறாள். கதை இவ்வளவுதான். ஆய்வுக்கென்றே எழுதப்பட்ட கதை என்பதால் மூன்று வரைவுகளையும் ஒளிக்காமல் வைத்துப் பேச முடிகிறது. எந்த இடத்தில் முறிந்தது, ஏன் முறிந்தது, எதை மாற்றியபோது நிமிர்ந்தது என்பதுதான் விஷயம்.

முதல் வரைவு

முதல் வரைவு ஏறக்குறைய 1,600 சொற்கள். ஒச்சம்மாவின் வீடு, அவளுடைய ஆசை எல்லாம் 300 சொற்களில் முடிகிறது. பிறகு ஒரு பத்தி: "வாரங்கள் ஓடின. ஒவ்வொரு ஆட்டத்திலும் அவள் ஓரத்தில் உட்கார்ந்து தன் முறைக்காக ஏங்கினாள்." ஐந்து மாதத்துக்கு 60 சொற்கள். அதன்பின் 1,200 சொற்களுக்கு இறுதி ஆட்டம். கேப்டன் கலையரசி பாடிப் போகிறாள், எதிரணி கணுக்காலைப் பிடித்து மடக்குகிறது, கால் பிசகுகிறது. மாஸ்டர் திரும்பி, "ஒச்சம்மா, நீ போ" என்கிறார். போகிறாள், ஒரே ரைடில் மூன்று பேரைத் தொட்டுத் திரும்புகிறாள். தோளில் தூக்குகிறார்கள்.

கபடி தெரிந்தவர் "நீ போ" என்ற இடத்திலேயே தாளைக் கீழே வைத்துவிடுவார். பாடிப் போனவள் பிடிபட்டால் அவுட். அவுட் ஆனவள் கடைக்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் உட்காரும் கட்டத்துக்குப் போக வேண்டும். அவுட் ஆகி உட்கார்ந்திருப்பவருக்குப் பதிலாக வேறு ஆளை இறக்க விதியில் இடமில்லை. மாற்று ஆள் வர வேண்டுமென்றால் களத்தில் உயிரோடு நிற்கும் ஒருத்திதான் வெளியே வர வேண்டும். அதுவும் டைம் அவுட்டிலோ இடைவேளையிலோ, நடுவரின் அனுமதியோடு. ஆகவே கலையரசியின் கால் எவ்வளவு வீங்கினாலும் அந்த இடத்துக்கு ஒச்சம்மா போக முடியாது. கதையின் உச்சம் மொத்தமும் நடக்கவே முடியாத ஒன்றின்மேல் நிற்கிறது.

விளையாட்டுக் கதைகளில் இந்தப் பிழை திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் உண்டு. "முக்கிய ஆள் விழுவாள், ஓரத்து ஆள் எழுவாள்" என்ற கூடு எழுதுகிறவர் கையில் முன்பே தயாராக இருக்கிறது. எந்த விளையாட்டாக இருந்தாலும் அதை அந்தக் கூட்டுக்குள் திணித்துவிடுகிறார். கால்பந்தில் ஓரளவு செல்லும். கபடியில் செல்லாது, ஏனென்றால் இங்கே விழுந்த ஆளின் இடம் காலியிடமே இல்லை. அது பூட்டிய இடம். தன் அணி எதிரணியில் ஒருத்தியை அவுட் ஆக்கினால், அவுட் ஆன வரிசையில் முதலில் போனவள் திரும்பி வருவாள். அதுவரை பூட்டு திறக்காது.

இரண்டாம் வரைவு

இரண்டாம் வரைவில் விதிப் பிழை சரியானது. கால் பிசகுவதை எடுத்துவிட்டு, இடைவேளையில் மாஸ்டரே மாற்றுகிறார் என்று வைத்தார்கள். காத்திருப்புக்கும் இடம் கூடியது: 60 சொற்கள் 700 ஆயின. ஆனால் அந்த 700-ம் புலம்பல். "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று ஒச்சம்மா மனசுக்குள் பேசிக்கொண்டே இருக்கிறாள். மாஸ்டர் கல்நெஞ்சுக்காரர். தன் இடத்தில் ஆடும் விஜி அவுட் ஆகட்டும் என்று ஒச்சம்மா கருப்பசாமியை வேண்டுகிறாள்.

இப்படிப்பட்ட பகுதிக்கு ஒரு சோதனை இருக்கிறது. நாயகியின் பெயரையும் "ஆட்டம்" என்ற சொல்லையும் மறைத்துவிட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கும், வரன் அமையக் காத்திருக்கும் பெண்ணுக்கும் அந்தப் பத்தி அப்படியே பொருந்தினால், அதில் மாற்று ஆட்டக்காரி இல்லை என்று பொருள். இரண்டாம் வரைவின் 700 சொற்களில் அந்தச் சோதனையில் தேறியது விஜி அவுட் ஆக வேண்டும் என்ற வேண்டுதல் ஒன்றுதான். அதிலும் பிழை. விஜி அவுட் ஆனால் ஒச்சம்மாவுக்கு லாபமில்லை, நஷ்டம்தான். விஜி உட்கார்ந்திருக்கும் வரை அந்த வலது கார்னர் இடம் பூட்டிக் கிடக்கும்.

ஆனால் இந்தப் பிழையில்தான் கதையின் விதை கிடைத்தது. பெயர்ப்பட்டியலில் பன்னிரண்டாவதாக இருப்பவள் விதியைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இரண்டு ஆட்டம் வரை அப்படி வேண்டிக்கொள்ளலாம், மூன்றாவதில் தெரிந்துகொள்ளலாம். தெரிந்த பிறகு அவள் பார்க்க வேண்டிய திசையே மாறுகிறது. விஜி அவுட் ஆகக் கூடாது. வேறு யாராவது, தப்பே செய்யாத ஒருத்தி, களத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே வெளியே அழைக்கப்பட வேண்டும். அப்படியானால் இந்தக் கதை வாய்ப்பைப் பற்றியது மட்டுமல்ல. அந்த வாய்ப்புக்கு யார் எழுந்து வந்து ஓரத்தில் உட்காரப் போகிறாள் என்பதைப் பற்றியது. மூன்றாம் வரைவு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஓரத்தில் இருப்பவளுக்கு என்ன வேலை?

காத்திருப்பை எழுத முடியாது, வேலையைத்தான் எழுத முடியும். எனவே மூன்றாம் வரைவுக்கு முன்னால் ஒரு பட்டியல் போடப்பட்டது. பெண்கள் ஆட்டம் பாதிக்கு 15 நிமிடம், நடுவே 5 நிமிடம் இடைவேளை. ஆக 35 நிமிடமும், அதற்கு மேல் டைம் அவுட் நேரமும். (ஊர்ப் போட்டிகளில் இரவு பிந்திவிட்டால் கமிட்டி நேரத்தைக் குறைப்பதுண்டு. அதனால் எந்தக் கணக்கில் ஆட்டம் நடக்கிறது என்று கதையில் ஒரு வரி சொல்லிவிடுவது நல்லது.) இந்த 35 நிமிடத்தில் களத்துக்குப் போகாத ஐந்து பேர் கையாலும் வாயாலும் என்ன செய்கிறார்கள்?

எண்ணுகிறார்கள். ஒரு ரைடுக்கு 30 விநாடி. எதிரணி பாடி வரும்போது ஓரத்திலிருந்து ஒருத்தி எண்ணிச் சொல்வது உள்ளே இருப்பவர்களுக்குப் பெரிய உதவி. யார் முதலில் அவுட், யார் அடுத்து என்ற வரிசையை நினைவில் வைக்க வேண்டும், திரும்பி வருவது அந்த வரிசையில்தான். எதிரணி தொடர்ந்து புள்ளி எடுக்காமல் எத்தனை வெற்று ரைடு போனது என்பதையும் எண்ண வேண்டும். இரண்டு வெறுமனே போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டால் பாடி வந்தவள் அவுட்.

இன்னொரு வேலை, வெளியாருக்கு எளிதில் தெரியாதது. ஆட்டக்காரர்கள் நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், உடம்பில் நகை எதுவும் இருக்கக் கூடாது. ஏழு பேரின் கம்மல், மூக்குத்தி, கொலுசு, சாமிக்கயிற்றில் கோத்த தாயத்து எல்லாம் யாரோ ஒருத்தியிடம் போய்ச் சேரும். பன்னிரண்டாவது பெயர்க்காரியிடம்தான் போகும், அவளைத்தான் உள்ளே அழைக்க மாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியுமே. ஒச்சம்மாவின் மடியில் ஒரு கைக்குட்டை முடிச்சு இப்படித்தான் வந்தது.

முடிச்சு வந்ததும் அடுத்த கேள்வி தானாக எழுந்தது. அவளுடைய மூக்குத்தி எங்கே? உள்ளே போகக் கூடியவர் பட்டியலில் அவள் பெயரும் இருப்பதால் அவளும் கழற்றியிருக்க வேண்டும். திருகாணி வைத்த மூக்குத்தியைக் கழற்றுவது கம்மலைக் கழற்றுவது போல் அல்ல. ஒரு விரல் வெளியே கல்லைப் பிடிக்க, மற்றொரு கையின் விரல் மூக்குக்குள் போய்த் திருகாணியைச் சுற்ற வேண்டும். நகம் ஒட்ட வெட்டிய விரலுக்குப் பிடி கிடைக்காது. வியர்வை இருந்தால் வழுக்கும். கழற்றிய துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சி ஒன்றை ஒடித்துச் செருகி வைப்பார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் கழற்றி, குச்சி செருகி, விடிகாலையில் வீட்டுக்கு வந்து மறுபடி மாட்டினால் துளை சிவந்து புண்ணாகும். ஆடியவளுக்கு இந்தப் புண் ஒரு பொருட்டில்லை. ஆடாதவளுக்கு இருக்கும் ஒரே காயம் இதுதான். மூன்றாம் வரைவில் அவளுடைய அம்மா சொல்லும் வரி:

"பொழுதன்னிக்கும் கழட்டி மாட்டுனா புண்ணாகாம என்ன செய்யும்? உள்ள எறங்கி ஆடுறவளுக கழட்டுறாளுக. நீ எதுக்குடி கழட்டுற?"

புலம்பல் பத்திகள் ஏழையும் வெட்டிவிட்டு இந்த ஒரு வரி வைக்கப்பட்டது. ஒச்சம்மா பதில் சொல்வதில்லை. ஏழாவது ஆட்டத்துக்கு மூக்குத்தியோடு போகிறாள்.

இங்கே கூர்மையான வாசகர் ஒருவர் கேட்பார்: நம்பிக்கையை விட்ட அன்றைக்கே வாய்ப்பு வருவது மட்டும் தற்செயல் இல்லையா? தற்செயல்தான். ஆனால் அதை இரண்டு விதமாகத் தாங்கிப் பிடிக்கலாம். ஒன்று, கழற்றாததற்குப் புண் என்ற உடல் காரணம் இருக்கிறது. நம்பிக்கை போனதாலா, வலியாலா என்று கதை தீர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு, தற்செயல் நாயகிக்குச் சாதகமாக வேலை செய்யவில்லை, இடைஞ்சலாகத்தான் வருகிறது. தொல்லை கொடுக்கும் தற்செயலை வாசகர் பொறுத்துக்கொள்வார், உதவி செய்யும் தற்செயலைத்தான் பொறுக்க மாட்டார்.

மாஸ்டரின் கணக்கு

மாஸ்டரை வில்லனாக வைத்தால் ஆறு ஆட்டத்துக்கும் ஒரே காரணம்தான் கிடைக்கும், அவருடைய கெட்ட மனசு. உண்மையில் ஒரு கார்னர் பிடிக்காரியை இறக்காமல் இருப்பதற்கு ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு வேறு காரணம் இருக்கும். கார்னரில் நிற்பவளும் பக்கத்தில் இருப்பவளும் கைகோத்து ஜோடியாக நகர்கிறவர்கள். ஒருத்தி முன்னால் சாய்ந்தால் மற்றவள் எவ்வளவு இழுப்பாள் என்பது பழகிய கைக்குத்தான் தெரியும். முன்னணியில் இருக்கும்போது அந்த ஜோடியைப் பிரிக்க யாருக்கும் மனம் வராது. பின்தங்கியிருக்கும்போது புள்ளி எடுக்கும் ரைடர்தான் தேவைப்படுவாள், பிடிக்காரி இல்லை. ஆக, ஜெயித்தாலும் தோற்றாலும் ஒச்சம்மாவுக்கு இடமில்லை. மிக நெருக்கமான ஆட்டத்தில், அதுவும் ஒரு குறிப்பிட்ட நிலையில்தான் அவளுக்கு வேலை வரும். அந்த நிலை எது என்பதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வரைவை எழுதுவதைவிட இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

கடைசியில் கிடைத்த கணக்கு இது. இரண்டாம் பாதி, இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. நம் அணி 23, எதிரணி 24. நம் பக்கம் களத்தில் மூன்று பேர், நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவுட் வரிசையில் முதல் ஆள் கேப்டன் கலையரசி, கடைசி ஆள் விஜி. எதிரணிக்கு அடுத்தது மூன்றாவது ரைடு, புள்ளி எடுத்தே தீர வேண்டும். நம் பக்கம் ஆறு பேருக்குக் குறைவாக இருப்பதால் போனஸ் கோட்டை மிதித்துப் புள்ளி எடுத்துத் தப்பிக்கும் வழி அவர்களுக்கு இல்லை. யாரையாவது தொட வேண்டும், அதற்கு உள்ளே வந்தே ஆக வேண்டும்.

நம் பக்கம் இரண்டு வழி. முப்பது விநாடியும் தொட விடாமல் ஒதுங்கினால் வந்தவள் அவுட், ஒரு புள்ளி, 24–24. பிடித்துவிட்டால், களத்தில் மூன்று பேரோ குறைவோ இருக்கும்போது பிடிப்பதற்குக் கூடுதல் புள்ளி உண்டு என்பதால் இரண்டு கிடைக்கும், 25–24. மாஸ்டர் இரண்டாவது வழிக்கு ஆசைப்படுகிறார். ஆனால் வலது கார்னரில் ஆள் இல்லை. விஜியைக் கூப்பிட முடியாது, உட்கார்ந்திருப்பவளுக்கு மாற்றும் இல்லை. நிற்கும் மூவரில் பாண்டீஸ்வரி இடது கார்னர், அவளை எடுக்க முடியாது. திவ்யா மிச்சமிருக்கும் ஒரே ரைடர், அடுத்து அவள்தான் பாடிப் போக வேண்டும். மிச்சம் முத்துமாரி. கார்னருக்கு உள்பக்கம், கவரில் நிற்பவள், இந்த ஆட்டத்தில் ஒரு தப்பும் செய்யாதவள், ஒச்சம்மாவுக்குப் பக்கத்து வீடு, ஐந்து மாதமும் ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் வந்தவள்.

கணக்கு முத்துமாரியைத்தான் காட்டுகிறது. மாஸ்டருக்கு அதில் விருப்பு வெறுப்பு இல்லை. இதுதான் முதல் வரைவின் கால் பிசகலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம். அங்கே எழுத்தாளர் நாயகிக்கு இடம் ஒதுக்கினார், இங்கே விதிகள் ஒன்றோடொன்று மோதி ஒரே ஒரு கதவைத் திறந்துவைக்கின்றன, அந்தக் கதவில் தோழி நிற்கிறாள்.

கணக்கை வாசகருக்கு எப்படிக் கொடுப்பது என்பதில் ஓர் எச்சரிக்கை. மேலே எழுதியதை அப்படியே கதையில் வைத்தால் அது விதிப்புத்தகம் ஆகிவிடும். மூன்று பேர் இருக்கும்போது பிடித்தால் இரண்டு புள்ளி என்பதை இரண்டாவது ஆட்டத்தின்போதே, பஸ்ஸில் முத்துமாரி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு சொல்வதாக வைத்தாயிற்று. அவுட் ஆன இடம் பூட்டிய இடம் என்பது மூன்றாவது ஆட்டத்தில் தெரிந்துவிட்டது. இறுதி ஆட்டத்துக்கு வரும்போது வாசகருக்குப் புதிதாக ஒன்றையும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஸ்கோர் மட்டும் சொன்னால் போதும், கணக்கை அவரே போட்டுக்கொள்வார்.

டைம் அவுட்

டைம் அவுட் 30 விநாடி. ஒரு ரைடுக்கும் அதே 30. ஐந்து மாதம் ஓரத்திலிருந்து எண்ணிய அதே முப்பதை இப்போது தனக்காக எண்ண வேண்டியிருக்கிறது. மூன்றாம் வரைவின் அந்தப் பகுதி முழுமையாக:

மாஸ்டர் கோட்டுக்கு வெளியே நின்றபடியே முத்துமாரியைப் பார்த்து உள்ளங்கையைத் தன் பக்கம் மடக்கினார். அவள் ஒரு நொடி பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று.

"ஒச்சம்மா. வலது கார்னர்."

எழுந்தாள். மடியிலிருந்து முடிச்சு விழுந்தது.

"மூக்குல என்னடி அது?" மாஸ்டரின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நடுவர் பாத்தார்னா உள்ள விடமாட்டாரு. கழட்டு."

நாலு, அஞ்சு. வாய் தானாக எண்ணியது. ஒரு விரலால் கல்லைப் பிடித்தாள். மற்றொரு விரல் உள்ளே போனது, புண்ணில் பட்டது, கண்ணில் தண்ணீர் வந்தது. திருகாணி சுற்றவில்லை. பத்து. பதினொன்று.

முத்துமாரி கோட்டைத் தாண்டி வெளியே வந்துகொண்டிருந்தாள். கை முழுக்க மண். ஒச்சம்மாவின் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். முட்டங்காலைத் துடைக்கப் போனவள் துடைக்காமல் கிட்டே வந்து நின்றாள்.

"கைய எடு. ஆட்டாத தலைய."

மண் கையைப் பனியனில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு ஒச்சம்மாவின் மூக்கைப் பிடித்தாள். பதினெட்டு. இருபது. சுற்றியது. இரண்டு சுற்று, மூன்று. கல் முத்துமாரியின் உள்ளங்கையில் இருந்தது. திருகாணி எங்கேயோ விழுந்தது.

"விழுந்துருச்சு."

"போடி அங்கிட்டு. அப்பறம் தேடலாம்."

ஒச்சம்மா குனிந்து தரை மண்ணை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். இருபத்தாறு.

இந்தப் பகுதியில் ஒரு வரி நீண்ட விவாதத்துக்கு உள்ளானது: முத்துமாரி உதவலாமா? வெளியேற்றப்பட்டவள் இவ்வளவு சீக்கிரம் கைகொடுப்பது அவளை நல்ல பெண் பொம்மை ஆக்கிவிடாதா? அதனால்தான் அந்த ஒரு நொடி தயக்கமும், முட்டங்காலைத் துடைக்கப் போய் நிறுத்துவதும் சேர்க்கப்பட்டன. குரலில் பாசம் கிடையாது. "கைய எடு" என்பதை எரிச்சலோடும் படிக்கலாம். அப்படிப் படிப்பதே நல்லது.

பிடி

ஓரத்தில் இருந்து உள்ளே போகிறவளின் உடம்பைப் பற்றி முதல் இரண்டு வரைவுகளிலும் ஒரு சொல் இல்லை. அது இல்லாமல் பிடியை எழுத முடியாது. ஆட்டம் தொடங்கும் முன் சூடாக்கிய உடம்பு கால் மணி நேரம் உட்கார்ந்தாலே ஆறிவிடும். ஆறிய தொடை திடீர் என்று இழுத்தால் சுளுக்கும். அதனால் மூன்றாம் வரைவில் ஒவ்வொரு இடைவேளையிலும் ஒச்சம்மா தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய் முட்டியை மடக்கி நீட்டுகிறாள், அதைப் பார்த்துச் சிறுவர்கள் சிரிக்கிறார்கள். ஆறிய உடம்புக்கு ஒரு லாபமும் உண்டு. உள்ளே இருக்கும் எல்லாருக்கும் கை வியர்த்து வழுக்குகிறது, இவள் உள்ளங்கை மட்டும் காய்ந்திருக்கிறது. கணுக்காலைப் பிடிக்கிறவளுக்கு அது பெரிய விஷயம்.

பாடி வருகிறவள் மஞ்சள் பனியன், ஒன்பதாம் எண். மூன்றாவது ஆட்டத்தில் இதே அணியோடு ஆடியபோது ஒச்சம்மா ஓரத்திலிருந்து எண்ணியிருக்கிறாள்: அந்த ஒன்பதாம் எண்காரி முதல் இருபது விநாடி இடது பக்கமே போக்குக் காட்டுவாள், இருபத்தொன்றில் திரும்பி வலது கார்னருக்குக் காலை நீட்டுவாள். இதை ஒச்சம்மா ஆட்டத்தின் நடுவில் திடீர் என்று நினைவுகூர்வதாக எழுதியிருந்தால் அது மோசடி. மூன்றாவது ஆட்டப் பகுதியிலேயே "இருபத்தொன்னுன்னா இங்கிட்டு வருவா பாரு" என்று அவள் முத்துமாரியிடம் சொல்லிவிட்டாள், முத்துமாரி கேட்காதது போல் இருந்தாள். அந்த வரி அங்கே வீண் பேச்சுப் போலத்தான் படும். அப்படிப் பட வேண்டும்.

பிடி 90 சொற்களில் முடிகிறது. ஒச்சம்மா இருபத்தொன்று வரை எண்ணுகிறாள், நீட்டிய கால் வருகிறது, கணுக்காலைப் பிடிக்கிறாள். ஒன்பதாம் எண்காரி நடுக்கோட்டை நோக்கி இழுக்கிறாள், பெண்கள் களத்தில் கடைக்கோட்டிலிருந்து அதற்கு ஆறு மீட்டர். ஒச்சம்மா மண்ணில் வயிறு உரச இழுபடுகிறாள். பிடி விடவில்லை, ஆனால் நிறுத்தவும் முடியவில்லை. இடதிலிருந்து பாண்டீஸ்வரி ஓடிவந்து தோளால் மோதித் தடுக்கிறாள், திவ்யா இடுப்பைக் கட்டுகிறாள். நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது விசில்.

தனியாக நிறுத்த விடாததற்குக் காரணம் அடக்கமல்ல. ஓடும் வேகத்தில் இருப்பவளைக் கணுக்கால் பிடி மட்டும் நிறுத்துவது அரிது, அது வேகத்தைக் குறைக்கும், மற்றவர்கள் வந்து முடிப்பார்கள். தெரிந்தவருக்கு இந்தப் பிடியின் பெருமை வேகத்தைக் குறைத்த அந்த இரண்டு விநாடியில் இருக்கிறது. இரண்டு புள்ளி, 25–24. ஒருத்தி திரும்பி வருகிறாள், வரிசையில் முதல் ஆளான கலையரசி. கூடுதல் புள்ளிக்கு ஆள் திரும்புவதில்லை என்பதால் ஒருத்திதான். கேப்டனைக் களத்துக்குக் கொண்டுவந்தது பன்னிரண்டாவது பெயர். இதைக் கதை வாய்விட்டுச் சொல்வதில்லை. கலையரசி உள்ளே ஓடிவரும்போது ஒச்சம்மாவைத் தாண்டித்தான் வருகிறாள், அவ்வளவுதான்.

எங்கே நிறுத்துவது?

நேரம் இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது. இரண்டு ரைடாவது பாக்கி. முதல் வரைவு இங்கே தோளில் தூக்கியது, இரண்டாம் வரைவு கோப்பையைக் கொடுத்தது. மூன்றாவது ஒரு வெற்று வரி விட்டுத் தாண்டிவிடுகிறது. யார் ஜெயித்தார்கள் என்று கதையில் இல்லை. விளையாட்டுக் கதையில் முடிவைச் சொல்லாமல் விட்டால் பாதிப் பேர் கோபப்படுவார்கள், அந்தக் கோபம் நியாயமானதே. சொல்லாமல் விடுவது ஒரு வித்தையாக மட்டும் இருந்தால் சொல்லிவிடுவதே மேல். இங்கே விட முடிவதற்குக் காரணம், வேறு ஒன்று பாக்கி இருக்கிறது. திருகாணி கிடைக்கவில்லை. வாசகர் மனசில் அது இருக்கும் வரை கதை முடியாது.

சொற்கணக்கையும் பார்த்துவிடலாம். மூன்றாம் வரைவு சுமார் 1,700 சொற்கள். ஆறு ஆட்டங்களுக்கு 950, அதிலும் இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது மட்டும் காட்சியாக வருகின்றன, மற்ற மூன்றும் தலா ஒரு வரி. இறுதி ஆட்டத்துக்கு 450. பிறகு 300. முதல் வரைவின் தலைகீழ் விகிதம்.

கடைசிப் பகுதி இப்படி முடிகிறது:

குழல் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார்கள். கமிட்டிக்காரர் ஒருவர், "அந்த ஒரு வெளக்க மட்டும் விட்டு வைங்கப்பா, புள்ளைக என்னமோ தேடுதுக" என்றார்.

மரத்தூள் கலந்த மண். ஒச்சம்மா முட்டியிட்டு விரலால் அலைந்துகொண்டிருந்தாள். முத்துமாரி எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் முடிச்சு. கம்மல்களை எல்லாரும் வாங்கிப் போய்விட்டார்கள். உள்ளே கல் ஒன்றுதான் இருந்தது.

"பஸ்ஸு போயிரும்டி."

"போகட்டும்."

முத்துமாரி எழுந்துபோய் விளக்குமாறு ஒன்றைக் கொண்டுவந்தாள். கூட்டுவதற்கு என்று ஒச்சம்மா நினைத்தாள். முத்துமாரி அதிலிருந்து ஈர்க்கு ஒன்றை உருவி, பல்லால் கடித்து, அளவு பார்த்து ஒடித்தாள்.

"இங்கிட்டுத் திரும்பு."